இரண்டாயிரம் திர்ஹம் ஊருக்கு எத்தனை ரூபாயாகப் போய்ச் சேருகிறது?

2024 ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மாலை, துபாய் அல் குசைஸில் நாங்கள் ஆறு பேர் தங்கியிருந்த அறையில் ஒரு சிறு வாக்குவாதம் நடந்தது. அன்று சம்பளம் வந்திருந்தது. நான் வழக்கம்போல, பணத்தை மாற்றி ஊருக்கு அனுப்பும் எக்ஸ்சேஞ்சுக்குப் போய், வரிசையில் நின்று, 2,000 திர்ஹத்தை அறந்தாங்கியில் உள்ள அப்பாவின் கணக்குக்கு அனுப்பிவிட்டு வந்தேன். தென்காசிப் பக்கத்து அண்ணன் ஒருவர் கட்டிலில் படுத்தபடியே, ஒரு வங்கியின் செயலி வழியாக அதே 2,000 திர்ஹத்தைத் தன் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். "நீ ஏன்பா இருபத்து மூணு திர்ஹத்தை வீணாக்குற? இதுல சார்ஜே கிடையாது" என்றார். "உங்க ரேட்டப் பாருங்கண்ணே, என் ரேட்டு எவ்வளவு மேல இருக்கு" என்றேன் நான்.

இருவரும் தத்தம் ரசீதை எடுத்து வைத்துக்கொண்டோம். எனக்கு ஒரு திர்ஹத்துக்கு 22 ரூபாய் 62 காசு கிடைத்திருந்தது. அவருக்கு 22 ரூபாய் 34 காசு. என்னிடம் 22 திர்ஹம் கட்டணமும், அந்தக் கட்டணத்தின் மீது 5 சதவீத வாட் வரியாக 1 திர்ஹம் 10 பில்ஸும் பிடித்திருந்தார்கள். அவரிடம் எதுவும் பிடிக்கவில்லை. ஆக, என் கையிலிருந்த 2,000 திர்ஹத்தில் 1,976.90 மட்டுமே ரூபாயாக மாறி, 44,717 ரூபாயாக ஊர் போய்ச் சேர்ந்தது. அவருடைய 2,000 திர்ஹம் முழுவதும் மாறி, 44,680 ரூபாயாகப் போனது. வித்தியாசம் 37 ரூபாய். இரண்டு பேரும் தம் வழிதான் மேல் என்று ஐந்து ஆண்டுகளாக நம்பிக்கொண்டிருந்தோம்; அந்த நம்பிக்கையின் மதிப்பு ஒரு கரக் சாயாவின் விலைதான் என்று தெரிந்தபோது அறையில் இருந்த மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை என்று சொன்னால் மிகை. ஆனால் நான் ஸ்டோர் கீப்பராக வேலை பார்ப்பவன். வந்த சரக்குக்கும் போன சரக்குக்கும் கணக்கு ஒத்துப்போகாவிட்டால் அதை அப்படியே விட்டுவிட்டுப் போக மனம் வராது. எங்கள் இருவருக்குமே கழிவு நடந்திருக்கிறது. அது என்னிடம் கட்டணம் என்ற பெயரில் வெளிப்படையாகவும், அவரிடம் விகிதத்துக்குள் ஒளிந்தும் நடந்திருக்கிறது. ஒளிந்திருப்பதை எப்படி அளப்பது என்பதுதான் முதல் கேள்வியாக இருந்தது.

திர்ஹத்தில் சம்பளம் வாங்குபவருக்கு இந்தக் கணக்கில் ஒரு வசதி உண்டு. ஐக்கிய அரபு அமீரகம் 1997 முதல் தன் நாணயத்தை ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்று நிலையாகக் கட்டி வைத்திருக்கிறது. எனவே திர்ஹத்துக்கும் ரூபாய்க்கும் இடையிலான விலை தனியாக ஏறி இறங்குவதே இல்லை. டாலருக்கும் ரூபாய்க்கும் இடையே என்ன நடக்கிறதோ அதுவே 3.6725-ஆல் வகுக்கப்பட்டு நமக்கு வருகிறது. அந்த வாரத்தில் டாலர் 83 ரூபாய் 50 காசை ஒட்டி இருந்தது. அதை 3.6725-ஆல் வகுத்தால் 22 ரூபாய் 73.7 காசு வரும். வங்கிகள் தமக்குள் வாங்கி விற்கும் விலைகளின் நடுப்புள்ளி இது. இந்த விலையைச் சில்லறையாக அனுப்பும் நம்மைப் போன்றவர்களுக்கு யாரும் அப்படியே கொடுக்கமாட்டார்கள், கொடுக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆனாலும் நமக்குச் சொல்லப்படும் விகிதம் அதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்க்க அது ஓர் அளவுகோல். நடுவிலைப்படி என் 2,000 திர்ஹத்தின் மதிப்பு 45,473 ரூபாய். எனக்குக் கிடைத்தது 44,717. ஆகவே அந்தப் பணத்தை ஊருக்கு அனுப்ப எனக்கு ஆன செலவு 756 ரூபாய், அதாவது 1.66 சதவீதம். நான் அதுவரை 23 திர்ஹம் மட்டுமே செலவாகிறது என்று நினைத்திருந்தேன். உண்மையில் ஆனது 33 திர்ஹம். அண்ணனுக்கு எதுவுமே செலவாகவில்லை என்று எண்ணியிருந்தார். அவருக்கு ஆனது 793 ரூபாய், ஏறத்தாழ 35 திர்ஹம்.

இரண்டு வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு நடுவிலை தேவையில்லை, எது அதிகம் தருகிறது என்று பார்த்தாலே போதும். ஆனால் இரண்டுமே மோசமாக இருந்தால், அவற்றில் சிறந்ததைத் தேர்ந்தெடுத்தும் ஏமாந்தவர்களாகவே இருப்போம். அதைக் காட்டிக்கொடுப்பது நடுவிலைதான். உலக வங்கி நாடுகளுக்கிடையே பணம் அனுப்பும் செலவைக் கணக்கிடும்போதும் கட்டணத்தையும் விகித இடைவெளியையும் கூட்டியே சொல்கிறது. அதைப் பின்னாளில் படித்தபோது, எங்கள் அறையில் செய்த கணக்கு அவ்வளவு தவறில்லை என்று ஓர் ஆறுதல்.

அடுத்த நாள் நான் கவனித்த விஷயம்தான் என் பழக்கத்தை மாற்றியது. கட்டணம் என்பது 400 திர்ஹம் அனுப்பினாலும் 4,000 அனுப்பினாலும் ஒரே 23 திர்ஹம் 10 பில்ஸ். விகித இடைவெளியோ அனுப்பும் தொகையோடு சேர்ந்து வளர்கிறது. அப்படியானால் சிறு தொகைக்கு அண்ணனின் வழியும், பெருந்தொகைக்கு என் வழியும் மேலாக இருக்கவேண்டும். நடுவில் எங்கோ இரண்டும் சமமாகும் ஒரு தொகை இருக்கவேண்டும். அதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. கட்டணமாகப் போன 23.10 திர்ஹத்தை என் விகிதத்தில் ரூபாயாக்கினால் 522 ரூபாய் 50 காசு. இரண்டு விகிதங்களுக்கும் இடையே திர்ஹத்துக்கு 28 காசு வித்தியாசம். 522.50-ஐ 0.28-ஆல் வகுத்தால் 1,866 வருகிறது. அன்றைய நிலவரப்படி 1,866 திர்ஹத்துக்குக் கீழே அனுப்பினால் கட்டணமில்லாத செயலி லாபம், அதற்கு மேலே அனுப்பினால் கட்டணம் வாங்கும் எக்ஸ்சேஞ்ச் லாபம். நாங்கள் வாதிட்ட 2,000 தற்செயலாக அந்தச் சமப்புள்ளிக்கு மிக அருகில் இருந்ததால்தான் வித்தியாசம் 37 ரூபாயாகச் சுருங்கிப்போயிருந்தது.

இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு என் பழைய ரசீதுகளைப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. நான் மாதாமாதம் மூன்று தடவை பணம் அனுப்பிக்கொண்டிருந்தேன். வீட்டுச் செலவுக்கு அப்பாவின் கணக்குக்கு 2,000 திர்ஹம். வீட்டுக் கடன் தவணை பிடிக்கப்படும் என் சொந்த என்.ஆர்.இ. கணக்குக்கு, அதாவது வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான வங்கிக் கணக்குக்கு, 1,100, மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கும் தம்பிக்கு 400. மூன்றுக்கும் தனித்தனியாக 23 திர்ஹம் 10 பில்ஸ் கட்டியிருக்கிறேன். தம்பிக்குப் போன 400 திர்ஹத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணம் போக 376.90 திர்ஹம் மாறி, அவனுக்கு 8,525 ரூபாய் சேர்ந்தது. நடுவிலைப்படி அந்த 400-ன் மதிப்பு 9,094 ரூபாய். 569 ரூபாய் வழியிலேயே போய்விட்டது. 6 சதவீதத்துக்கும் அதிகம். உலக நாடுகள் ஐ.நா. அவையில் ஒப்புக்கொண்ட 2030-க்கான இலக்கு இந்தச் செலவை 3 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவருவது. செலவு குறைவான வழிகளுக்குப் பெயர்பெற்ற வளைகுடாவிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டே, என் அறியாமையால் அதைப்போல் இருமடங்கு செலவை நானே வரவழைத்துக்கொண்டிருந்தேன். அதே 400-ஐ அண்ணனின் செயலியில் அனுப்பியிருந்தால் தம்பிக்கு 8,936 ரூபாய் கிடைத்திருக்கும். மாதம் 410 ரூபாய் என்பது விடுதியில் இருக்கும் பையனுக்குச் சிறிய தொகையில்லை.

ஆனால் நான் தேர்ந்தெடுத்த தீர்வு சிறு தொகைக்கு ஒரு செயலி, பெருந்தொகைக்கு ஒரு எக்ஸ்சேஞ்ச் என்று பிரித்துக்கொள்வது அல்ல. மூன்றையும் சேர்த்து 3,500 திர்ஹமாக ஒரே தடவையில் என் என்.ஆர்.இ. கணக்குக்கு அனுப்பத் தொடங்கினேன். அன்றைய விகிதத்திலேயே கணக்குப் பார்த்தால், 23.10 கட்டணம் போக 78,647 ரூபாய் சேரும். நடுவிலையோடு ஒப்பிட்டால் செலவு 1.17 சதவீதம். கட்டணமில்லாத செயலியில் அனுப்பினால் 78,190 தான் வரும். ரூபாய் இந்தியாவுக்குள் வந்த பிறகு அதைப் பங்குவைப்பதற்குச் செலவே இல்லை. இணைய வங்கியில் செய்யும் நெஃப்ட் பரிமாற்றத்துக்குச் சேமிப்புக் கணக்குதாரர்களிடம் வங்கிகள் கட்டணம் வாங்குவதில்லை. 2019 டிசம்பர் முதல் அது இரவு பகல் விடுமுறை என்ற பேதமின்றி இயங்குகிறது. எனவே மாதத்தின் 3-ஆம் தேதி அப்பாவுக்கும், 4-ஆம் தேதி தம்பிக்கும் தானாகப் பணம் போகும்படி வங்கியில் நிலையான உத்தரவு ஒன்றைக் கொடுத்துவைத்தேன். தவணை அதே கணக்கில் தானாகவே பிடிக்கப்படுகிறது. இரண்டு கட்டணங்கள் குறைந்ததால் மாதம் 46 திர்ஹம் 20 பில்ஸ், அதாவது 1,045 ரூபாய் மிச்சம். ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. சம்பளம் உயரவில்லை, வேலை நேரம் கூடவில்லை, வரிசையில் நிற்கும் நேரம் மட்டும் குறைந்தது.

இதற்கு முந்தைய ஆண்டு நடந்த ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும், ஏனென்றால் விகிதம் ஒரே இடத்தில்தான் வெட்டப்படும் என்று நான் நினைத்திருந்ததை அதுதான் பொய்யாக்கியது. தங்கையின் திருமணத்துக்காக 2023-இல் ஒரே தடவையாக 10,000 திர்ஹம் அனுப்பவேண்டியிருந்தது. தொகை பெரிது என்பதால் எக்ஸ்சேஞ்சை நம்பப் பயந்து, என் சம்பளக் கணக்கு இருந்த வங்கியிலிருந்தே நேரடி வங்கிப் பரிமாற்றமாக, வங்கிகள் உலகளவில் தமக்குள் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வழியில் அனுப்பினேன். படிவத்தில் அனுப்பும் நாணயம் என்ற இடத்தில் டாலர் என்று நிரப்பியிருந்தார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் நாள் ஊரில் கணக்கில் ஏறியது 2,21,806 ரூபாய். அப்போது டாலர் 83 ரூபாய் அளவில் இருந்தது. கட்டணத்தையும் சேர்த்து என் கையிலிருந்து போன 10,063 திர்ஹத்துக்கு நடுவிலைப்படி 2,27,428 ரூபாய் வரவேண்டும். ஐந்தாயிரத்து அறுநூறு ரூபாய் எங்கே போனது என்று எனக்கு அன்று விளங்கவில்லை.

ரசீதுகளையும் இரு வங்கிகளின் தாள்களையும் வாங்கி ஒவ்வொரு படியாகப் பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. முதல் வெட்டு துபாயிலேயே நடந்திருந்தது. 3.6725 என்று நிலையாகக் கட்டப்பட்ட டாலரை என் வங்கி எனக்கு 3.685 என்று விற்றிருந்தது. ஏறி இறங்காத நாணயத்திலும் ஓர் இடைவெளி வைக்கமுடியும் என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன். அதில் ஏறத்தாழ 770 ரூபாய். வங்கியின் பரிமாற்றக் கட்டணம் வாட் சேர்த்து 63 திர்ஹம், அதாவது 1,420 ரூபாய். வழியில் இருந்த இடைநிலை வங்கி ஒன்று 20 டாலரைக் கழித்துக்கொண்டது, அது 1,660 ரூபாய். மிச்சமிருந்த 2,693 டாலர் 70 செண்டை இந்தியாவில் என் வங்கி, சந்தை விலையில் மாற்றாமல், அன்று காலை தன் கிளைகளுக்கு அறிவித்த வாங்கும் விலையான 82 ரூபாய் 45 காசில் மாற்றியது. அதில் 1,480 ரூபாய். கடைசியாக நாணய மாற்றுச் சேவைக்கான ஜி.எஸ்.டி. 290 ரூபாய். இந்த வரி முழுத் தொகையின் மீது விதிக்கப்படுவதில்லை. ஒரு லட்சம் ரூபாய் வரை அதன் 1 சதவீதத்தைச் சேவையின் மதிப்பாகவும், அதற்கு மேல் பத்து லட்சம் வரை உள்ள தொகைக்கு அரை சதவீதத்தையும் எடுத்துக்கொண்டு, அந்த மதிப்பின் மீது 18 சதவீதம் போடுகிறார்கள். ஐந்து வெட்டுகளில் முழுவதுமாக அரசுக்குப் போனது இந்த வரி மட்டுமே, அதுவே எல்லாவற்றிலும் சிறியது. அதன் மீதுதான் நான் முதலில் கோபப்பட்டேன் என்பது வேறு விஷயம்.

இந்த விவரங்களை வெளிக்கொண்டுவர இரண்டு தாள்கள் உதவின. அனுப்பிய வங்கியிடம், 2025 நவம்பர் வரை வங்கிகளுக்கிடையே புழங்கிய MT103 என்னும் பரிமாற்றச் செய்தியின் நகலைக் கேட்க முடிந்தது. நம் கணக்கிலிருந்து போன பரிமாற்றம் என்பதால் கேட்டால் தருவார்கள். அதில் 33B என்ற வரியில் நாம் அனுப்பச் சொன்ன தொகையும், 32A என்ற வரியில் அடுத்த வங்கிக்கு உண்மையில் போன தொகையும் இருக்கும். 71A என்ற வரியில் OUR, SHA, BEN என்ற மூன்றில் ஒன்று இருக்கும். OUR என்றால் வழிச் செலவு முழுவதும் அனுப்புபவருடையது. SHA என்றால் அனுப்பும் வங்கியின் கட்டணம் நமக்கு, மற்றவை வருகிற பணத்திலிருந்து கழிக்கப்படும். BEN என்றால் எல்லாமே பெறுபவரின் தலையில். என் தாளில் SHA என்று இருந்தது. யார் தேர்ந்தெடுத்தது என்று கேட்டால், நான் கையெழுத்திட்ட படிவத்தைத்தான் காட்டினார்கள். ஊரில் உள்ள வங்கியிடம் உள்வரவுப் பணத்துக்கான அறிவிப்புச் சீட்டைக் கேட்டால், அதில் வந்து சேர்ந்த டாலர் எவ்வளவு, எந்த விலையில் மாற்றினார்கள், வரி எவ்வளவு என்று அச்சாகியிருக்கும். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அங்கே போன தொகைக்கும் இங்கே வந்த தொகைக்கும் உள்ள வித்தியாசம் இடைநிலை வங்கியின் பங்கு என்று தெளிவாகிவிடும்.

எக்ஸ்சேஞ்ச் வழியில் இந்தக் குழப்பம் ஏன் இல்லை என்பதும் இதிலிருந்தே புரிந்தது. வளைகுடா எக்ஸ்சேஞ்சுகள் பல இந்திய வங்கிகளில் ரூபாய்க் கணக்கு வைத்து, ரூபாயாகவே பட்டுவாடா செய்யும் ஓர் ஏற்பாட்டை ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. திர்ஹத்தைக் கொடுக்கும்போதே இத்தனை ரூபாய் என்று முடிவாகிவிடுகிறது. ரசீதில் 44,717 என்று இருந்தால் கணக்கில் 44,717 ஏறவேண்டும். ஊரில் மறுபடி ஒருவர் மாற்று விலை வைக்க அங்கே இடமில்லை. எனவே எந்த வழியை ஆராய்ந்தாலும் நான் இப்போது முதலில் பார்ப்பது, நாணயம் எந்த ஊரில் ரூபாயாகிறது என்பதைத்தான். அனுப்பும் இடத்திலேயே ரூபாய்த் தொகை எழுத்தில் வந்துவிட்டால் ஒப்பிடமுடியும். டாலராகவோ திர்ஹமாகவோ போய் ஊரில் மாறுவதாக இருந்தால், அனுப்பும்போது ஒப்பிடுவதற்கு நம் கையில் எண்ணே இருக்காது.

அதனால் கவுண்டரில் நான் கேட்கும் கேள்வியும் மாறிவிட்டது. முன்பெல்லாம் "இன்னைக்கு ரேட் என்ன?" என்று கேட்பேன். பலகையில் இருப்பதைச் சொல்வார்கள். இப்போது, "என் கையில் மூவாயிரத்து ஐந்நூறு இருக்கிறது, எல்லாம் போக ஊரில் எத்தனை ரூபாய் ஏறும்?" என்று கேட்கிறேன். ஊழியர் திரையில் தட்டிப் பார்த்து ஒரு தொகையைச் சொல்வார். அதே கேள்வியை இன்னொரு எக்ஸ்சேஞ்சிலும், இரண்டு செயலிகளிலும், பத்து நிமிட இடைவெளிக்குள் கேட்டுவிட்டால் ஒப்பீடு முடிந்துவிடுகிறது. நேரம் முக்கியம், காலையில் ஒன்றையும் மாலையில் ஒன்றையும் பார்த்தால் நாம் ஒப்பிடுவது நிறுவனங்களை அல்ல, சந்தையின் அசைவை. பெரிய தொகையாக இருந்தால் கவுண்டரில் பேரம் பேசவும் முடியும் என்பது பலருக்குத் தெரியாது. "கொஞ்சம் நல்ல ரேட் போடுங்க" என்று கூச்சப்படாமல் கேட்டு, மூன்று நான்கு காசு உயர்த்தி வாங்கியிருக்கிறேன். 10,000 திர்ஹத்துக்கு நான்கு காசு என்றால் 400 ரூபாய்.

நாளும் நேரமும் பற்றி என் குறிப்பேட்டில் ஓர் ஆண்டு எழுதிவைத்ததில் ஒரு பழக்கம் தெளிவாகத் தெரிந்தது. இந்தியாவில் வங்கிகளுக்கிடையிலான நாணயச் சந்தை திங்கள் முதல் வெள்ளி வரை, இந்திய நேரப்படி காலை 9 முதல் மாலை 3.30 வரை நடக்கிறது. துபாயில் அது காலை 7.30 முதல் பிற்பகல் 2 வரை. சந்தை மூடியிருக்கும்போது விற்பவர்கள், திங்கட்கிழமை விலை எப்படித் திறக்கும் என்று தெரியாததால், பாதுகாப்புக்காக இடைவெளியைக் கொஞ்சம் அகலப்படுத்திக்கொள்கிறார்கள். நான் போகும் கிளையில் வெள்ளிக்கிழமை நண்பகலில் 22.62 என்று இருந்த விகிதம், நடுவிலை அசையாமல் இருந்தும், ஞாயிற்றுக்கிழமை 22.55 ஆக இருந்ததைப் பலமுறை பார்த்தேன். 3,500 திர்ஹத்துக்கு அது 245 ரூபாய். விடுமுறை நாளில்தான் எங்களைப் போன்றவர்களுக்கு வெளியே போக நேரம் கிடைக்கிறது, அன்றுதான் விலையும் மட்டமாக இருக்கிறது. செயலி வந்தபிறகு வேலை நாளில் சாப்பாட்டு நேரத்திலேயே அனுப்பிவிடமுடிகிறது. என் பார்வையில் செயலியின் மிகப் பெரிய பயன் கட்டணச் சலுகையைவிட இதுதான்.

செயலிகளில் என்னை ஒருமுறை ஏமாற்றியது முதல் பரிமாற்றச் சலுகை. ஒன்றைப் புதிதாக நிறுவியதும், நடுவிலையைவிட ஒரு காசுதான் குறைவு என்று சொல்லும் அளவுக்கு நல்ல விகிதம் காட்டியது. அனுப்பினேன், பணமும் சரியாகப் போய்ச் சேர்ந்தது. நல்ல வழி கிடைத்துவிட்டது என்று அறையில் எல்லோருக்கும் சொன்னேன். அடுத்த மாதம் பார்க்காமலேயே அனுப்பியபோது விகிதம் திர்ஹத்துக்கு 40 காசு குறைந்திருந்தது. முதல் தடவைக்கு மட்டும் என்ற வரி திரையின் அடியில் சிறிய எழுத்தில் இருந்திருக்கிறது. அதிலிருந்து எந்தப் புதிய வழியையும் இரண்டாவது, மூன்றாவது பரிமாற்றத்தின் எண்ணை வைத்துத்தான் மதிப்பிடுகிறேன். இன்னொன்று, செயலியில் பணம் கட்டும் இடத்தில் கடன் அட்டையைத் தேர்ந்தெடுத்தால், அட்டை தரும் வங்கி அதை ரொக்கம் எடுத்ததாகக் கணக்கிட்டு அன்றிலிருந்தே வட்டியும் தனிக் கட்டணமும் போட வாய்ப்பு அதிகம். காசுக் கணக்கில் சேமித்ததெல்லாம் அதில் கரைந்துவிடும்.

விலை ஏறட்டும் என்று காத்திருப்பதைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், அறையில் அதிகம் பேசப்படுவது இதுதான். தென்காசி அண்ணன் ஒருமுறை 10,000 திர்ஹத்தை மூன்று மாதம் கையில் வைத்துக்கொண்டு, இருபது காசு ஏறியதும் அனுப்பினார். 2,000 ரூபாய் லாபம் என்று பிரியாணி வாங்கிக் கொடுத்தார். அதே மூன்று மாதம் ஊரில் அவர் வீட்டு நகை இரண்டு லட்சம் ரூபாய்க்கு, மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் அடகில் இருந்தது. வட்டி 6,000. பிரியாணியைச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் இதை நான் சொன்னேன். முன்பே சொல்லியிருந்தால் பிரியாணி கிடைத்திருக்காது. அவசரமில்லாத சேமிப்பு வேறு, கடன் ஓடிக்கொண்டிருக்கும்போது தேக்கிவைப்பது வேறு.

வங்கியைத் தொடாமல் ஆள் மூலம் பணம் கைமாறும் உண்டியல் வழியில் இன்னும் நல்ல விலை கிடைக்கும் என்று சொல்பவர்கள் எல்லா அறையிலும் உண்டு. விலை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தை மீறுவது. பணம் வராவிட்டால் கேட்க ரசீதும் இல்லை. எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தபோது வங்கி கேட்டது, வெளிநாட்டிலிருந்து முறையாக வந்த பணத்தின் ஆறு மாதப் பதிவு. என்.ஆர்.இ. கணக்கில் அது வரிசையாக இருந்தது.

எல்லாவற்றையும் ஒரே கணக்கில் குவித்ததிலும் ஒரு சங்கடம் வந்தது, அதையும் மறைக்கக்கூடாது. 2025 தொடக்கத்தில் என் இந்திய சிம் ரீசார்ஜ் செய்யாமல் செயலிழந்துபோனது. ஓ.டி.பி. வரவில்லை, இணைய வங்கிக்குள் நுழைய முடியவில்லை. அந்த மாதம் ஓவர்டைம் குறைந்ததால் 3,200 திர்ஹம்தான் அனுப்பியிருந்தேன். நிலையான உத்தரவு அப்பாவுக்கும் தம்பிக்கும் வழக்கமான தொகையை எடுத்துக் கொடுத்துவிட்டது. தவணைக்கு நான்காயிரம் ரூபாய் குறைந்து, தவணை திரும்பியது. திரும்பியதற்கான அபராதமும் அதன் மீதான வரியும் சேர்ந்து, ஒரு மாதக் கட்டணத்தில் நான் மிச்சம் பிடித்ததில் பாதிக்கு மேல் போய்விட்டது. அதன்பின் தவணைத் தேதியை முதலிலும் மற்றவர்களுக்கான உத்தரவை அதற்கு இரண்டு நாள் பிறகும் மாற்றினேன். ஒரு தவணை அளவுக்குப் பணம் எப்போதும் அந்தக் கணக்கில் தொடாமல் இருக்கிறது. வங்கியில் என் துபாய் எண்ணைப் பதிவு செய்தேன். அமீரகம் உள்ளிட்ட சில நாடுகளின் கைபேசி எண்களை என்.ஆர்.இ. கணக்கோடு இணைத்து யு.பி.ஐ. பயன்படுத்த 2023 முதல் வழி இருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அம்மாவுக்கு மட்டும் என் கணக்கு ஒத்துவரவில்லை. முன்பு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் 300 திர்ஹம் தனியாக அவர் பெயருக்கு அனுப்புவேன். அதையும் மொத்தத்தில் சேர்த்து அப்பா கையில் கொடுக்கச் சொன்னபோது, "அப்பா குடுத்தா அது வீட்டுக் காசுடா. எம் பேருல வந்து போன்ல மெசேஜ் அடிச்சாத்தான் நீ அனுப்புன காசு" என்றார். இப்போது அந்த 300-ஐ மட்டும் அண்ணனின் கட்டணமில்லாத செயலியில் அனுப்புகிறேன். 1,866-க்குக் கீழேதானே.